கணக்கில் இருந்த அறுபது சீல்

என் அக்கா ஜானட்டைக் காசிமேடு கல்லறையில் அடக்கம் செய்து ஒரு மாதமாகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் அவளைப் பொறுமைசாலி என்றார்கள். அவள் பொறுமைசாலி அல்ல. களைத்துப்போனவள். அந்தக் களைப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

எர்ணாவூரில் ஒரு சின்னத் தொழிற்சாலை. விசைப்படகுகளின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பம்புகளைச் செய்கிறார்கள். எந்த உதிரியை எப்போது, எவ்வளவு வாங்குவது என்று திட்டமிடுவது அக்காவின் வேலை. ஒரு பம்புக்கு என்னென்ன, எத்தனை வேண்டும் என்ற பட்டியலை அங்கே பி.ஓ.எம். என்பார்கள். வந்த ஆர்டரை அதனால் பெருக்குவாள். கையிருப்பைக் கழிப்பாள். ஆபத்துக்கென்று ஒதுக்கிய சேஃப்டி ஸ்டாக்கைத் தொடமாட்டாள். குறைவதை, அது வந்து சேர எத்தனை வாரம் ஆகுமோ அத்தனை வாரம் முன்னதாக ஆர்டர் போடுவாள்.

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும். ஒரு வருடம் நாற்பது பம்புகளுக்கு ஆர்டர் வந்தது. ஜூன் நடுவில் தடை முடிந்து படகுகள் இறங்குவதற்குள் கொடுத்தாக வேண்டும். தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல், பம்புக்கு ஒன்று. ஸ்டோரில் அறுபது இருந்தது. நாற்பது போனாலும் சேஃப்டி ஸ்டாக்கான இருபது அப்படியே நிற்கும். ஆகவே சீல் வாங்கத் தேவையில்லை என்றது கணக்கு.

மே மாதத்தில் முதல் பம்பைப் பூட்டும்போது சீல், பம்பைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டில் ஏறவில்லை. அக்கா இரும்பைச் சீவும் லேத் பட்டறைக்குப் போனாள்.

"தவசிண்ணா, ஏன் ஏற மாட்டேங்குது?"

லேத் ஓட்டும் தவசிமுத்து மெஷினை நிறுத்தவில்லை. "எப்டி ஏறும் ஜானட்டு? பெரிய போட்டுக்குப் போன ஷாஃப்டெல்லாம் சீல் குந்துற எடத்துலதான் ஒடிஞ்சிகினு வந்துச்சு. இந்த லாட்டுலேர்ந்து தடிமனா போடுன்னு மொதலாளி சொன்னாரு. போட்டேன்."

"எங்கிட்ட யாரு சொன்னது?"

"நீ இங்க வந்தாத்தான சொல்றதுக்கு? ஏசி ரூம்ல குந்திகினு கீற."

"ஏசியா? ஃபேனே சுத்தல நைனா."

வாங்கும் இரும்புக் கம்பி அதேதான். கொஞ்சம் குறைவாகச் சீவினால் ஷாஃப்ட் தடித்துவிடும். அதனால் ஸ்டோருக்கு எந்தச் சேதியும் போகவில்லை. பட்டியலில் பழைய அளவு சீல் அப்படியே இருந்தது. புது அளவு வர ஐந்து வாரம் ஆகும். தடை முடிய நான்கு வாரம்கூட இல்லை. அக்கா அன்றே அதற்கு ஆர்டர் போட்டாள். அது நேரத்துக்கு வராது என்று தெரிந்தேதான் போட்டாள்.

முதலாளி மனோகரன் தலையில் கை வைத்தார். "எல்லாத்தையும் பழைய சைசுக்கே சீவிடு தவசி. பெயிண்ட் அடிச்சிட்டா உள்ள இன்னா கீதுன்னு எவனுக்குத் தெரியப் போவுது?"

"சின்ன போட்டுக்கு வேணா சீவலாம் சார், அதுல ஒடியல. பெரிய போட்டுக்கு நான் சீவ மாட்டேன். எம் மச்சான் போற போட்டு அதுல ஒண்ணு."

"அப்ப லேட்டாவும்னு போட்டுக்காரங்களாண்ட யாரு சொல்றது? நீ சொல்றியா?"

"நான் சொல்றேன் சார்," என்றாள் அக்கா.

ஆர்டரைப் பிரித்தாள். சின்னப் படகுகளுக்கு இருபத்து நான்கு. அவற்றின் ஷாஃப்டைத் தவசிமுத்து பழைய அளவுக்குச் சீவினார். பம்பின் கூடான பாடிகளில் சீல் உட்காரும் துளையை இன்னும் போடாதிருந்ததால் அவற்றில் பழைய சீல் பொருந்திற்று. அவை குறித்த நாளுக்குள் போய்விட்டன. மீதிப் பதினாறு பெரிய படகுக்காரர்களுக்கும் அவளே போன் செய்தாள். நான் அன்று அவள் வீட்டில் இருந்தேன். ஒவ்வொருவரிடமும் முதலில் இருந்து சொன்னாள். ஒருவர் "உன்ன நம்பி எம் போட்ட கரைல குந்த வெச்சிகினு கீறேன் பாரு, என்னத்தான் சொல்லணும்" என்று கத்தியது எனக்கே கேட்டது. "ஆமாண்ணா. தப்பு எங்களுதுதான்," என்றாள். யார் தப்பு என்று அவள் விளக்கவே இல்லை. கடைசி போனுக்குப் பிறகு சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

பத்துப் பேர் ஆர்டரை ரத்து செய்து வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். ஆறு பேர் காத்திருந்தார்கள். முதலாளி பல நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஆர்டர் போனதற்காக யாரையும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை.

பட்டியலைத் திருத்தினாள். சின்ன பம்பு, பெரிய பம்பு என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் சீலைச் சேர்த்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்களும் லேத்தருகே போய் "இன்னாண்ணா, எதனா மாத்துனீங்களா?" என்று கேட்பாளாம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் போவாள்.

சீல் வந்ததும் பதினாறையும் பூட்டினார்கள். ஆறு பம்புகள் வண்டியேறின. வாங்க ஆளில்லாத பத்தும் ஸ்டோர் ரேக்குக்குப் போயின. அக்கா அடுத்த திட்டத்தைத் திறந்து, பெரிய பம்பு கையிருப்பில் பத்து என்று போட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தாள்.