விளக்கு வைக்கும் நேரத்தில் வந்த அம்மா

முதலில் அந்த அம்மாவைப் பார்த்தது நான் இல்லை, லாட்ஜ்காரரின் மனைவி.

அப்போது நான் திருத்தணியில் ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, நான்கு மெஷின்களோடு ஆரம்பித்த கடை. பரீட்சை முடிவு பார்க்க, ரயில் டிக்கெட் போட, பயோடேட்டா அடிக்க ஆட்கள் வருவார்கள். கூடவே வெப்சைட் செய்து தரும் வேலையையும் ஆரம்பித்தேன். அதற்குக் கிடைத்த முதல் ஆள், மலையடிவாரத்தில் லாட்ஜ் வைத்திருந்தவர். ஆடிக் கிருத்திகைக்குப் பெங்களூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வருகிறவர்கள் முன்கூட்டியே அறை கேட்டு எழுத ஒரு பக்கம் வேண்டும் என்றார். செய்து கொடுத்தேன். அதைச் சென்னையில் இருந்த ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில் ஒரு வருடத்துக்கு இடம் எடுத்து ஏற்றினேன். அவர்களுடைய சர்வர் ஏதோ வெளிநாட்டில் இருந்தது.

சில மாதங்கள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு சாயங்காலம் லாட்ஜ்காரர் போன் செய்தார்.

"இன்னாமா இது, நம்ம லாட்ஜ் பேரத் தட்டுனா யாரோ ஒரு அம்மா வர்றாங்க. சும்மா நம்மளயே பாத்துகினு இருக்காங்க."

என் மெஷினில் திறந்தேன். பக்கம் வரவில்லை. இரண்டு மூன்று முறை முயன்ற பிறகு வந்தது. லாட்ஜின் பச்சைக் கட்டடமும் மலையும் இருக்க வேண்டிய இடத்தில், கடற்கரை மணலில் ஓர் இளம்பெண் நின்றுகொண்டிருந்தாள். இரட்டைப் பின்னல், கண்ணுக்கு மேல் வெயிலை மறைக்கும் கை. அடியில் ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி: இன்றைக்கு இங்கே காற்று அதிகம், நீ இருந்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருப்பாய். மேலே இருந்த முகவரி லாட்ஜுடையதுதான். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

கொஞ்ச நேரத்தில் பழையபடி லாட்ஜ் வந்துவிட்டது. கம்பெனிக்கு மெயில் எழுதினேன். சர்வரில் சின்னக் கோளாறு, சரிசெய்துவிட்டோம் என்று பதில் வந்தது.

மறுநாள் சாயங்காலம் மறுபடியும் பக்கம் திறக்காமல் நின்றது. திரும்ப வந்தபோது அதே பெண். ஆனால் இந்த முறை பட்டுப் புடவை, கழுத்தில் மாலை. அடுத்த முறை இடுப்பில் ஒரு குழந்தை. அதற்கடுத்த முறை காதோரம் நரை. ஒவ்வொரு சாயங்காலமும் அவள் கொஞ்சம் கொஞ்சமாக வயதாகிக்கொண்டே வந்தாள்.

லாட்ஜ்காரரின் மனைவிதான் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து கணக்கும் சாவியும் பார்ப்பவர். விளக்கு வைக்கிற நேரம் ஆனதும் அவர் மானிட்டரின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூட ஆரம்பித்தார். நான் போயிருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நேத்து மழை பெஞ்சுது இல்ல? அதுலயும் மழைன்னு எழுதியிருந்துதுமா. வெளிய சத்தம் கேக்குது, உள்ள எழுத்து வருது. அதான் துண்டப் போட்டு மூடிட்டேன்."

தற்செயல் என்று சொன்னேன். சொன்னேனே தவிர, அன்று கடைக்குத் திரும்பி சாயங்காலம் ஆகும்வரை என் கவனம் வேறு எதிலும் நிற்கவில்லை. அன்று வந்த படத்தில் அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைமுடி உதிர்ந்திருந்தது. அதற்கு மறுநாள் நாற்காலி மட்டும் இருந்தது. அதற்கும் மறுநாள் இரட்டைப் பின்னலோடு கடற்கரையில் நின்றார்.

பயம் ஒரு பக்கம் இருக்க, தொழிலும் கெட்டுக்கொண்டிருந்தது. லாட்ஜின் மெயிலும் அதே சர்வரில்தான் இருந்தது. சித்தூர்க் குடும்பம் ஒன்று அறையை ரத்து செய்து அனுப்பிய மெயில் வந்து சேரவில்லை, அறை காலியாகவே கிடந்தது. எல்லா அறையும் நிரம்பியிருந்த இன்னொரு நாள் வேறொரு குடும்பம், அறை கேட்டு எழுதி, பதில் வராமலே குழந்தைகளோடும் காவடியோடும் வந்து இறங்கியது. அவர்களைத் தரைத்தளத்தில் பாய் போட்டுப் படுக்க வைத்தார் லாட்ஜ்காரர். ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி போன் செய்து, உங்கள் வீட்டில் இறந்தது யார் என்று துக்கம் விசாரித்தார்.

லாட்ஜ்காரர் மறுநாள் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். கோபக்காரர் இல்லை. ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"எங்க நைனா கட்டுன லாட்ஜுமா இது. சாவு வீடுன்னு பேரு ஆயிட்டா யார் வருவாங்க? அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு ஒரு லெட்டர் போடு. இது இன்னான்னு கேளு. நஷ்டத்துக்கும் கேளு."

அந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆத்திரத்தில் எழுதினால் மறுபடியும் "சின்னக் கோளாறு" என்றே பதில் வரும் என்று தெரியும். அதனால் ஒவ்வொரு நாளும் பக்கம் எப்போது நின்றது, எப்போது திரும்பியது என்று குறித்து வைத்தேன். கோளாறு எங்கள் டெலிபோன் லைனில் இல்லை என்று காட்ட, அதே நேரத்தில் மற்ற சைட்டுகள் திறக்கின்றனவா என்று பார்த்தேன். சென்னையிலிருந்த ஒரு தோழியையும் திறந்து பார்க்கச் சொன்னேன். அவளுக்கும் அந்த அம்மாதான் வந்தார். திரையை அப்படியே படமாக எடுத்து அச்சடித்தேன். மாதத்தில் இவ்வளவு நேரத்துக்கு மேல் சர்வர் நிற்காது என்று அவர்கள் ஒப்பந்தத்தில் உறுதி கொடுத்திருந்த வரியை எடுத்துப் போட்டேன். மூன்று விஷயங்கள் கேட்டேன். திரும்பத் திரும்ப நிற்பதற்கு உண்மையான காரணம் என்ன, எங்கள் முகவரியில் இன்னொருவர் பக்கம் எப்படி வருகிறது, நின்ற நேரத்துக்கும் போன வியாபாரத்துக்கும் என்ன ஈடு தரப்போகிறீர்கள். மெயிலிலும் அனுப்பி, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடும் அனுப்பினேன்.

பதில் போனில் வந்தது. கம்பெனியின் டெக்னிக்கல் ஆள், இளைஞன் குரல். என் குறிப்புகளைப் பார்த்த பிறகுதான் தினமும் ஒரே நேரத்தில் நிற்கிறது என்பதே தங்களுக்கு உறைத்தது என்றார். அதுவரை நின்றபோதெல்லாம் சர்வரை அணைத்துப் போட்டதோடு விட்டிருக்கிறார்கள்.

அவர் விளக்கியது இதுதான். ஒரே சர்வரில் பல பேருடைய சைட்டுகள் குடியிருக்கும். அதில் ஒரு வாடிக்கையாளர் தன் மனைவியின் நினைவாக ஒரு சைட் வைத்திருந்தார். தினமும் சாயங்காலம் தானாக ஓடும்படி ஒரு வேலையை எழுதி வைத்திருந்தார். அது ஒரு கோப்பிலிருந்து ஒரு வரியை எடுக்கும், அடுத்த படத்தை முன்னால் வைக்கும், பிறகு அதுவரையிலான எல்லாப் பக்கங்களையும் எல்லாப் படங்களையும் முதலிலிருந்து புதிதாக உருவாக்கும். நாளாக ஆகப் பக்கங்கள் பெருகி, அந்த வேலை சர்வரின் நினைவகத்தை முழுதாக விழுங்கியது. சர்வர் திணறி நிற்கும். அணைத்துப் போட்டால், மற்ற சைட்டுகளின் விவரங்கள் ஏறி முடிக்கும்வரை, பட்டியலில் முதலாவதாக இருக்கும் சைட்டையே யார் கேட்டாலும் காட்டும். அந்தப் பட்டியலில் முதலில் இருந்தது அந்த அம்மாவின் பெயர்.

அவரிடம் சொல்லி நிறுத்தச் சொல்லலாமே என்றேன்.

 "மெயில் அனுப்பினோம் மேடம். பதில் இல்ல. வீட்டுக்குப் போன் பண்ணினோம். அவரும் தவறிப்போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சாம்."

பல வருடத்துக்குச் சேர்த்து முன்பணம் கட்டியிருந்தாராம். வரிகளையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டிருந்தாராம். காற்று, மழை, காய்கறிக்காரன் வரவில்லை, கால் வலி. ஒவ்வொன்றையும் அன்றன்றைக்கு எழுதியது போல. இரண்டு பேருமே இல்லாத வீட்டிலிருந்து தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருவர் மற்றவருக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்தார். போனைக் கையில் பிடித்தபடி கடையின் டியூப்லைட்டைப் போட்டேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

கம்பெனி அந்த சைட்டை மூடிவிடத் தயாராக இருந்தது. என் கடிதத்தையே காரணமாகக் காட்டுவார்கள். லாட்ஜ்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி சொன்னார்: "அவங்கள இன்னாத்துக்கு வெரட்டணும்? நம்ம வீட்டத்தான் வேற பக்கம் மாத்தச் சொல்லு."

அப்படியே இரண்டாவது கடிதம் எழுதினேன். எங்கள் சைட்டை வேறு சர்வருக்கு மாற்றுங்கள், அந்தப் பக்கத்தைக் குடும்பத்தைக் கேட்காமல் அழிக்காதீர்கள், ஈட்டை மறக்காதீர்கள். வியாபார நஷ்டத்துக்கு ஒப்பந்தப்படி எதுவும் கிடையாது என்று எழுத்தில் பதில் வந்தது. நின்ற நேரத்துக்கு மட்டும் அடுத்த வருட வாடகையில் மூன்று மாதத்தைக் கழித்துக் கொடுத்தார்கள். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து மேலாளர் கையெழுத்துப் போட்ட ஒரு பக்க விளக்கமும் வந்தது. லாட்ஜ்காரர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு தரையில் படுத்தவர்களுக்கு அடுத்த முறை அறை இலவசம் என்று ஒரு கார்டு எழுதிப் போட்டார்.

அதன்பின் லாட்ஜின் வெப்சைட் ஒருநாளும் நிற்கவில்லை.

சில நாள் கழித்து அந்தத் தம்பதியின் மகன் எனக்குப் போன் செய்தார். கம்பெனிதான் என் எண்ணைக் கொடுத்திருந்தது. அப்பா இப்படி ஒன்று வைத்திருந்ததே அவருக்குத் தெரியாது. அவ்வளவு வரிகளையும் ஒரே மூச்சில் படித்ததாகச் சொன்னார். சர்வர் திணறாதபடி அந்த வேலையைத் திருத்தித் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். பழைய பக்கங்களைத் தொடாமல் அன்றைய பக்கத்தை மட்டும் உருவாக்கும்படி மாற்றினேன்.

திருத்தும்போது அவர் அப்பா எழுதி வைத்த கோப்பைப் பக்கங்களோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு வரி மட்டும் பக்கத்தில் இருந்தது, கோப்பில் இல்லை. எங்களுக்குத் தொல்லை இருந்த நாட்களில் பதிவானது.

இப்போதெல்லாம் சாயங்காலம் யார் யாரோ வந்து போகிறார்கள், அறை கேட்கிறார்கள், நீ பயப்படாதே.

சைட்டில் வருகிறவர்கள் எழுத ஒரு கட்டம் இருந்தது. லாட்ஜ் தேடி வந்த யாராவது விளையாட்டாக எழுதியிருக்கலாம். ஆனால் அப்படி எழுதுவது பக்கத்தின் கடைசியில் வேறு நிறத்தில் வரும். இது படத்துக்கு அடியில், அப்பாவின் வரிகள் வரும் இடத்தில் இருந்தது. மகனிடம் சொல்லி, எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

அந்த வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு, "இருக்கட்டும்ங்க" என்றார்.

விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரமே பூட்டிக்கொண்டு, ஆட்கள் நிறைய நடமாடும் பஜார் வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போனேன்.