பாதி வழியில் நின்ற பணம்

செங்கல் சூளையில் அவரை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு உயரம். மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்த நாளிலிருந்து இன்னும் ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டார் என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். அவரும் மறுக்கவில்லை.

கட்டணம் கட்டக் கடைசி நாளன்றுதான் முதலாளி அவருடைய கூலியை வங்கிக் கணக்கில் போட்டார். மனைவியும் மகளும் நகரத்தில், கல்லூரி அலுவலக வாசலில் காத்திருந்தார்கள். இவரிடம் இருந்தது பட்டன் போன். இன்டர்நெட் கிடையாது. ஆனால் ஸ்டாரில் தொடங்கி ஹேஷில் முடியும் ஒரு சின்ன எண்ணை அழுத்தினால், வங்கியின் பட்டியல் திரையில் வரும். பணம் அனுப்ப ஒரு எண், இருப்புப் பார்க்க ஒரு எண். மாதாமாதம் வீட்டுக்கு அப்படித்தான் அனுப்புவார்.

அன்று பார்த்து ஐந்தாம் பட்டன் மக்கர் செய்தது. ஒருமுறை அழுத்தினால் இரண்டு ஐந்து விழுந்தது. அழித்துத் திருத்துவதற்குள் நேரம் முடிந்து பட்டியல் மறைந்தது. மறுபடி முதலிலிருந்து டயல் செய்தார். மறுபடியும் மறைந்தது.

அருகில் மண் குழைத்துக்கொண்டிருந்த மைத்துனன், "சிம்மைக் கழட்டி என் போன்ல போடுங்க மாமா. பேங்குக்கு உங்க நம்பர்தான் முக்கியம், போன் எதுவா இருந்தா என்ன?" என்றான்.

போட்டார். சிக்னலுக்காகச் செங்கல் அடுக்கின் மேல் ஏறி நின்று, வங்கிப் பட்டியலை வரவழைத்து மனைவியின் எண்ணை அழுத்தினார். அவள் பெயர் சரியாக வந்தது. தொகை, பிறகு ரகசிய எண். அனுப்பியதும் இணைப்பு அறுந்தது. திரும்ப டயல் செய்து இருப்பைப் பார்த்தார். பணம் கழிந்திருந்தது.

மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, இன்னும் வரலையே."

"என் கணக்குல இல்ல. போயிடுச்சு."

"அப்ப எங்கதான் இருக்கு?"

வங்கியின் உதவி எண்ணில் பேசிய பெண் பொறுமையாகவே சொன்னாள்: "நடுவுல நின்னிருக்குங்க. சில நாள்ல தானா உங்க கணக்குக்கே திரும்பிடும்."

"இன்னைக்கே வேணும்மா. பொண்ணு படிப்புக்கு."

"எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

முதலாளியின் போன் அணைந்திருந்தது. கூட்டாளிகள் தங்கள் கூலியை அன்று காலையிலேயே ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் அடுக்கிலிருந்து இறங்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் மகள் பேசினாள். "காத்திருப்புப் பட்டியல்ல இருந்த பொண்ணுக்கு இடத்தைக் கொடுத்துட்டாங்கப்பா. நாங்க பஸ் ஏறிட்டோம். நீங்க சாப்பிட்டீங்களா?"

அடுத்த வாரம் பணம் திரும்பி வந்தது, காசு குறையாமல். அதற்குள் மகள் ஒரு துணிக்கடையில், வாடிக்கையாளர்கள் கலைத்துப் போட்டதை மடித்து வைக்கும் வேலையில் சேர்ந்திருந்தாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை.