போனவர்கள் பெட்டி

ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, ஊர் விழிக்கும் முன்பே அந்தக் கணக்கு தானாக ஓடி முடிந்துவிடும். அதில் எவருடைய கையும் படாது. அதுதான் எனக்குப் பெருமை. எழுபது வயதில் ஒரு மனிதன் பெருமைப்பட வேறு எவ்வளவோ இருந்திருக்கலாம். நான் இதைத் தேர்ந்துகொண்டேன்.

அரசாங்கத்தில் புள்ளிவிவர வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். மட்டக்களப்பு நகரத்தில் துணிமணியும் வீட்டுச் சாமானும் விற்கும் ஒரு முதலாளி, தன் கடைக் கணக்குகளைப் பார்த்துத் தரும்படி கேட்டார். அவருக்கு மூன்று கடைகள். பெரியது நகரத்தில், இன்னொன்று வாழைச்சேனையில், மூன்றாவது வாவிக்கு மேற்கே படுவான்கரையில். மாதந்தோறும் மூன்று முகாமையாளர்களையும் கூப்பிட்டு வைத்து அவர் ஒரு கூட்டம் நடத்துவார். வியாபாரம் குறைந்தால் மழையைச் சொல்வார்கள், கூடினால் தங்களைச் சொல்வார்கள். முதலாளிக்கு அது அலுத்துப்போயிருந்தது.

நான் செய்து கொடுத்தது இதுதான். கடைக்கு வருகிறவர்களிடம் முன்பிருந்தே ஒரு அட்டை உண்டு. பில் போடும்போது அதன் இலக்கம் பதிவாகும். மாத முடிவில் மூன்று கடைகளின் பில்களையும் கணினி ஒன்றாக எடுத்து, கடந்த பன்னிரண்டு மாதங்களைப் பார்த்து, ஒவ்வொரு அட்டைக்கும் மூன்று கேள்வி கேட்கும். கடைசியாக வந்து எத்தனை நாள்? எத்தனை தடவை வந்தார்? மொத்தம் எவ்வளவுக்கு வாங்கினார்? ஒவ்வொரு கேள்விக்கும் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, ஐந்து சம பங்காக வெட்டி, மேல் பங்குக்கு ஐந்தும் கீழ்ப் பங்குக்கு ஒன்றும் புள்ளி போடும். மூன்றிலும் ஐந்து எடுத்தவர் தங்கம். மூன்றிலும் ஒன்று எடுத்தவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

புள்ளிகளை வைத்து ஆட்களைப் பெட்டிகளில் பிரிக்க வேண்டும். நான்கு பெட்டிகளுக்கு நானே தமிழில் பெயர் வைத்தேன்: நட்சத்திரங்கள், நம்மவர்கள், நழுவுகிறவர்கள், போனவர்கள். கூட்டத்தில் ஒவ்வொரு கடைக்கும் காட்டும் வட்டப்படம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக, எந்தப் பெட்டி என்பதை முதல் இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்துத் தீர்மானித்தேன். எவ்வளவுக்கு வாங்கினார் என்ற மூன்றாவது புள்ளியைக் கணினி ஒழுங்காகக் கணக்கிட்டு ஓரமாக வைத்துக்கொண்டது. அதை எவரும் கேட்கவில்லை. போனவர்கள் பெட்டிக்குள் விழுகிறவர்களுக்கு மறுநாள் காலையில் தானாகவே ஒரு குறுஞ்செய்தி போகும். அதையும் நான்தான் எழுதினேன்: “உங்களை நெடுநாளாகக் காணவில்லையே. உங்கள் வரவுக்காகக் காத்திருக்கிறோம்.”

முதல் சில மாதங்கள் முதலாளி மகிழ்ச்சியில் மிதந்தார். நகரத்தில் ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபர் மாதம் தவறாமல் நட்சத்திரமாக வந்தார். கடையின் ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் பின்னேரங்களில் குளிரூட்டிக்காகக் கடைக்கு வந்து, ஒரு கைக்குட்டையோ ஒரு சட்டைப் பொத்தானோ வாங்கிக்கொண்டு போகிறவர் என்று பிறகுதான் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு விதியை அப்படியே விட்டேன்.

படுவான்கரைக் கடையின் முகாமையாளர் ஒரு பெண். விற்பனைப் பிள்ளையாகச் சேர்ந்து, பல வருடம் நின்று, அந்தக் கதிரைக்கு வந்தவர். வீடு கடைக்குப் பக்கத்தில். படுக்கையில் கிடக்கும் தாயை மத்தியானம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார். கடை மூடினால் வாழைச்சேனைக்கு மாற்றுவார்கள். இரண்டு பஸ் ஏறிப் போய்வர வேண்டும். அப்படிப் போனால் மத்தியானத்தில் தாய்க்கு ஆள் இல்லை. ஆகவே கடை மூடுவதும் அவருடைய வேலை போவதும் ஒன்றுதான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

படுவான்கரை ஆட்கள் துணி வாங்குவது வெள்ளாமை வெட்டிய பிறகு. பெரும்போகம் வெட்டி முடிந்ததும் சித்திரை வருசத்துக்கும், சிறுபோகம் முடிந்ததும் இன்னொரு தரமும் குடும்பமாக வருவார்கள். பாயில் உட்கார்ந்து, வீடு முழுவதற்கும் எடுப்பார்கள். சேலை, சாரம், சட்டைத்துணி, பானை, படுக்கை விரிப்பு, மருமகனுக்கு வேட்டி. இடைப்பட்ட மாதங்களில் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். இதை எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கும் அங்கே ஒரு வட்டையில் சிறு துண்டு வயல் உண்டு. நானும் அப்படித்தான் வாங்குகிறேன்.

எங்கள் கணக்கு தொடங்கியபின் வந்த முதல் தை மாதம். சிறுபோகத்துக்கு வந்தவர்கள் வந்து நான்கு மாதமாகிவிட்டது. பெரும்போகப் பயிர் வயலில் நின்றது. கூட்டத்துக்கு முதல்நாள் அந்தப் பெண் எனக்குத் தொலைபேசியில் கதைத்தார்.

“சேர், படத்தப் பாத்தன். எங்கட கடை ஆக்கள் முழுக்கப் போனவங்க பெட்டிக்குள்ள கிடக்காங்க.”

“ஓம் பிள்ளை. நானும் பார்த்தன்.”

“முதலாளி இதப் பாத்தா கடையப் பூட்டிருவாரு சேர். ஒண்டும் செய்யேலாதா?”

“அது தானா ஓடுறது பிள்ளை. நான் கை வெச்சா பிறகு அதுக்கு மரியாதை இல்லை.”

“சரி சேர், நாளைக்கு வாறன்” என்று அவர் தொலைபேசியை வைத்தார்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழுதும் உண்மையுமில்லை. விதியை மாற்றுவதற்கு எனக்கு அரை மணி நேரம் போதும். மூன்றாவது புள்ளி ஐந்தாக இருக்கிறவரைப் போனவர் என்று சொல்லாதே என்று ஒரு வரி எழுதினால் போதும். போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடு என்று இன்னொரு வரி எழுதியிருந்தால் இன்னும் நல்லது. ஆனால் முகாமையாளர்களின் சாக்குகளுக்கு இடமில்லாத கணக்கு என்று சொல்லித்தான் அதை முதலாளிக்குக் கொடுத்திருந்தேன். ஒரு முகாமையாளர் கேட்டதற்காக அதைத் திருத்துவது எனக்கு இறங்கிப்போவதாகப்பட்டது.

கூட்டத்தில் சுவரில் படம் விழுந்தது. படுவான்கரைக் கடையின் வட்டம் ஏறக்குறைய முழுவதும் சாம்பல் நிறம். போனவர்களுக்கு அந்த நிறத்தைக் கொடுத்ததும் நான்தான்.

“என்னகா இது, சனம் ஒருத்தரும் மிச்சமில்லையா?” என்று முதலாளி அந்தப் பெண்ணைக் கேட்டார்.

“வெட்டு முடிய வருவாங்க முதலாளி.”

“ஒவ்வொரு மாசமும் ஒவ்வொரு கதை.”

வாழைச்சேனை முகாமையாளர் பகிடிக்காரர். “அங்க சனத்த விட மாடு கூட முதலாளி. மாட்டுக்கும் ஒரு அட்டையக் குடுத்துப் பாப்பம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரிக்க முயன்றார்.

அந்த நேரம் பார்த்து என் தொலைபேசி கிணுகிணுத்தது. காலையில் புறப்பட்ட குறுஞ்செய்திகள் ஒவ்வொருவருக்காகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன போலும். எடுத்துப் பார்த்தேன். உங்களை நெடுநாளாகக் காணவில்லையே என்று என்னிடமே நான் கேட்டிருந்தேன். என் அட்டை படுவான்கரைக் கடையில் எடுத்தது. அதில் கடைசியாக இருப்பது சிறுபோகம் வெட்டி, பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் உடுப்பு எடுத்த பில். குறுஞ்செய்தியை முதலாளியிடம் காட்டினேன்.

“சேர், நீங்களும் போயிட்டீங்களாம்” என்று அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “கடைக்குள்ள இருந்துகொண்டே போன மனுசன்.”

இதைவிடத் தெளிவான சாட்சி ஒரு கணக்குக்குக் கிடைக்காது. அந்தக் கடை ஆட்களைப் போட்ட பெட்டி பிழை என்பதற்கு நான் அங்கே உயிரோடு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று நினைத்திருப்பார். சிரிப்பு அடங்கியதும் முதலாளி கேட்டார்:

“பகிடி இருக்கட்டும் சேர். கணக்கு சரிதானே?”

“கணக்கில பிழை இல்லை” என்றேன்.

அதுவும் பொய்யில்லை. ஒரு கூட்டல்கூடப் பிழையில்லை.

தை முடிவில் கடையைப் பூட்டினார்கள். வாழைச்சேனைக்கு வரலாம் என்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னார்கள். அவர் வரவில்லை. மாசியில் வெட்டுத் தொடங்கியது. பங்குனியில் சனம் கடைக்கு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, களுவாஞ்சிக்குடிப் பக்கம் போய் வேறு கடைகளில் வாங்கிக்கொண்டார்கள். சித்திரைக் கூட்டத்தில் படுவான்கரை அட்டைகள் எல்லாம் இன்னும் போனவர்கள் பெட்டிக்குள்ளேயே இருந்தன. இந்தத் தடவை உண்மையாகவே போயிருந்தார்கள்.

“பாருங்க சேர், உங்கட கணக்கு முன்கூட்டியே சொல்லிப்போட்டுது” என்று முதலாளி எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். நான் நன்றி சொன்னேன். இன்றைக்கும் என்னால் விழுங்க முடியாதது அந்த நன்றிதான்.

அந்த வருடம் முடிவதற்குள், அந்த அட்டைகளில் பன்னிரண்டு மாதங்களாக ஒரு பில்லும் இல்லாததால் அவை கணக்கிலிருந்தே உதிர்ந்தன. ஐந்து சம பங்காக வெட்டினால், வருகிறவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், ஒரு கடைசிப் பங்கு இருந்தே தீரும். காற்றுக் காலத்தில் கடலுக்குப் போகாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்த வாழைச்சேனை மீனவக் குடும்பங்கள் அந்த இடத்துக்கு இறங்கின. அந்தப் பகிடிக்காரர் கூட்டத்துக்கு முதல்நாள் எனக்குத் தொலைபேசியில் கதைத்தார். பகிடி விடவில்லை.

இந்த முறை விதியை மாற்றினேன். மூன்றாவது புள்ளியையும் பார்க்கும்படியும், போன வருடத்தின் அதே பருவத்தோடு ஒப்பிடும்படியும் எழுதினேன். பிறகு முதலாளியிடம் போய், படுவான்கரை விசயத்தில் படம் பிழையென்று எனக்கு முதலே தெரியும் என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “அண்டைக்கே சொல்லியிருக்கலாமே சேர்” என்றார். கடைக் கட்டடத்தை மருந்துக்கடைக்குக் கொடுத்தாயிற்று, இனித் திறக்க முடியாது என்றார்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே தாய் இருமுவது கேட்டது. நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன், மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் தையலை நிறுத்தாமல் கேட்டார். பிறகு எழுந்துபோய்த் தொலைபேசியை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். வேலையில் இருந்த காலத்தில் அவரும் ஒரு அட்டை எடுத்திருந்தார். மாதாமாதம் ஒன்றன்கீழ் ஒன்றாக என் வசனம் கிடந்தது. கணக்கிலிருந்து உதிர்ந்த பிறகும் குறுஞ்செய்திப் பட்டியலிலிருந்து அவரை எவரும் நீக்கவில்லை.

“நீங்கதானே எழுதின சேர்? நல்ல தமிழ்.”

“இண்டைக்கே நிப்பாட்டுறன் பிள்ளை.”

“என்னத்துக்கு சேர். கடையில இருந்து ஏன் வரல்லெண்டு கேக்கிற ஆள் அது ஒண்டுதான்.”

தேத்தண்ணி தந்தார். குடித்தேன். அன்றைக்கே கணினியைத் திறந்து, அவருடைய இலக்கத்தை என் கையாலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் இரண்டாம் திகதி அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

“சேர், இந்த மாசம் மெசேஜ் வரல்ல” என்றார்.

“ஓம் பிள்ளை” என்றேன். அவர் தொலைபேசியை வைக்கவில்லை. தையல் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.