உப்புத் தண்ணியும் எட்டுச் சிவப்பு டாப்பும்

புதுத்துணியை இஸ்திரி போடும்போது பெட்டிக்கடியிலிருந்து ஒரு ஆவி கிளம்பும். பழைய துணியில் அது வராது. கண் எரியும், மூக்கு கமறும். கடையில் பிரிக்கும்போது எல்லாரும் முகர்ந்து பார்த்து "புது வாசனை"ன்னு சந்தோஷப்படுவார்களே, அந்த வாசனைதான் சூடு பட்டதும் அப்படி மாறும். காலடிப்பேட்டையில் முப்பது வருஷமாகத் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் துணியைத் தொட்டால் அது என்ன ஏதுன்னு சொல்லிவிடுவேன். தெருவில் யாரும் புதுத்துணியை நனைக்கிறதுக்கு முன்னால் என்னைத்தான் கேட்பார்கள். நான் சொல்வது ஒன்றேதான்: கல்லுப்பு போட்டு ஊறவை, சாயம் போகாது.

அந்தப் பெருமைக்கு ஒரு பொங்கலில் அடி விழுந்தது. அதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேர் வருஷா வருஷம் கயிறு இழுக்கிற போட்டியில் நிற்பார்கள். நான் இழுப்பதில்லை, மேனேஜர். கடைசியில் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பவள் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் கேன்டீனில் வேலை செய்கிறவள். தண்ணி டிரம்மை ஒரே ஆளாக உருட்டுவாள். அவள் நின்றால் கயிறு நம்முது.

அந்தப் பொங்கலுக்கு முந்தின வருஷம் அவளால்தான் தோற்றோம். "கசங்கவே கசங்காது" என்று எழுதியிருந்த பளபளப்பான சட்டையை எல்லாருக்கும் வாங்கி, கவரைப் பிரித்து, ஓரத்தில் மஞ்சள் வைத்து அப்படியே போட்டுவிட்டோம். மற்ற ஏழு பேருக்கு ஒன்றுமில்லை. அவளுக்குக் கழுத்து, அக்குள், இடுப்பு, துணி உரசுகிற இடமெல்லாம் அரிப்பு. ஃபைனலில், நடு இழுப்பில், ஒரு கையை விட்டுக் கழுத்தைச் சொறிந்தாள். அவ்வளவுதான், எட்டுப் பேரும் மண்ணில். "சொறி டீம்"னு அடுத்த தெரு பேர் வைத்துவிட்டது.

தோல் டாக்டர் அவளிடம் சொன்னாராம்: துணி கசங்காமலிருக்க ஏற்றுகிற மருந்திலிருந்து ஃபார்மலின் மாதிரி ஒன்று கசியும், சில பேர் தோலுக்கு ஆகாது, துவைத்தால் குறையும், ஆனால் அந்த மாதிரி துணியில் முழுசாகப் போகாது. கெடாமலிருக்க மீனில் போடுகிறார்கள் என்று ஒரு சமயம் ஊரே பேசிய அதே ஃபார்மலின். கேட்டதும் எனக்கு இஸ்திரி ஆவி ஞாபகம் வந்தது.

அடுத்த பொங்கல் வந்ததும் அவள் ஒரே பிடியாக நின்றாள். "இன்னா ஆயா, மறுபடி புதுத்துணியா? நான் வர்ல. வேற யார்னா பாத்துக்கோ."

"நீ இல்லாம யாரு மே நிப்பா? துணி என் பொறுப்பு. உனக்கு எங்கயாச்சும் அரிச்சா நான் மேனேஜரே இல்ல."

சொல்லிவிட்டேன். தெருவே கேட்டது.

பழைய வண்ணாரப்பேட்டை மொத்தக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் பளபளப்பானதையே எடுத்துப் போட்டார்.

"இஸ்திரியே வேணாம்மா, அப்படியே போட்டுக்கலாம்."

"இஸ்திரி வேணாம்னா நான் இன்னாத்த துன்றது பாய்? சாதா காட்டன் குடு."

சிரித்துவிட்டு சிவப்பு காட்டன் டாப்பு எட்டு எடுத்தார். சுருங்கும் என்று ஒரு அளவு பெரிசாக வாங்கினேன். பேண்ட் எல்லாரிடமும் இருந்த வெள்ளைதான்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், காலையிலேயே பெரிய டப்பில் இரண்டு கை கல்லுப்பு போட்டு எட்டையும் ஊறவைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தண்ணி தெளிவு! லேசான சிவப்புகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. சொம்பில் மொண்டு தெரு முழுக்கக் காட்டினேன். "பாத்துக்கோங்க, ஒரு சொட்டு சாயம் போவல!"

எதிர்வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். சாயப்பட்டறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவள், என் வயசுக்காரி. எனக்கும் அவளுக்கும் தண்ணி லாரி வரிசையிலேயே ஆகாது.

"உப்புத் தண்ணிய காட்டி யாரை ஏமாத்துற? ஒண்ண எடுத்து நல்ல தண்ணியில போடு, பாப்போம்."

போட்டேன். தண்ணி சிவந்தது. என் வெள்ளைக் கர்ச்சீப்பை நனைத்து அவளே டாப்பின் மேல் நாலு தேய்ப்பு தேய்த்தாள். மூக்கில் ரத்தம் வந்த மாதிரி ஆகிவிட்டது கர்ச்சீப்பு.

"பட்டறையில நூலு மேல சாயம் ஏறணும்னா நாங்களே உப்புதான் மே கொட்டுவோம், மூட்டை மூட்டையா. உப்பு சாயத்த துணி பக்கம் தள்ளும். பிடிச்ச சாயம் பிடிச்சிக்கும். பிடிக்காதது சும்மா மேல குந்திக்கினு கீது. நீ உப்பு போட்டு அதை எழுந்திரிக்க வுடல. தண்ணி தெளிஞ்சி கீதுன்னா சாயம் உள்ளயே கீதுன்னு அர்த்தம்."

முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன உப்பு! எனக்கு முகம் டாப்பை விடச் சிவந்தது. ஆனால் கேன்டீன்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்பட நேரமில்லை.

"சரி, இப்ப இன்னா பண்றது? அத்த சொல்லு."

"மொதல்ல உப்பு போவ அலசு. அப்புறம் சோப்புத்தூள் போட்ட சுடுதண்ணி. தண்ணி தெளியிற வரைக்கும் மாத்திக்கினே இரு."

"அவ்ளோ தண்ணிக்கு எங்க போறது?"

அவள் உள்ளே போய்த் தன் வீட்டு நீல டிரம்மை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தாள். வரிசையில் ஒரு குடம் விட்டுக்கொடுக்காதவள்!

அண்டாவில் தண்ணி கொதித்தது. டீம் முழுக்க வந்துவிட்டது. ஒருத்தி அலச, ஒருத்தி பிழிய, ஒருத்தி சொம்பில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்து, "ரோஸ் மில்க்!" என்று கத்துவாள். அடுத்த தண்ணி, "பன்னீர் சோடா!" அடுத்தது, "ஊஹும், இன்னும் கீது!" தெருவில் போகிறவர்கள் நின்று பந்தயம் கட்டினார்கள். ஆறாவது தண்ணியில் சொம்புக்கடியில் செதுக்கியிருந்த பூ தெளிவாகத் தெரிந்தது. போட்டோமே ஒரு கூச்சல், சாமி ஊர்வலம் என்று பக்கத்துத் தெரு எட்டிப் பார்த்தது.

உள்புறம் வெளியே வரத் திருப்பிக் காயப்போட்டேன். கடல் காற்றில் சாயங்காலத்துக்குள் உலர்ந்தது. துணியிலிருந்த மொடமொடப்பு போய்த் தளர்ந்திருந்தது. மடித்த வெள்ளைத்துணியை ஈரமாக்கி மேலே வைத்துப் பெட்டியை அழுத்தினேன். வெள்ளை வெள்ளையாகவே வந்தது. குனிந்து ஆவியை முகர்ந்தேன். சோப்பு வாசம். கண் எரியவில்லை.

கேன்டீன்காரி மட்டும் நம்பவில்லை. மறுநாள் அந்த டாப்பைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனாள். அடுப்புச் சூட்டில் பரோட்டா போட்டுப் போட்டு வேர்த்து, சாயங்காலம் நேராக என் வண்டிக்கு வந்து காலரை இழுத்துக் காட்டினாள். கழுத்து சுத்தம். "டேய் ஆயா, நாளைக்கு நான் நிக்கிறேன்" என்றாள். என்னை டேய் போட்டதுக்கு அன்றைக்குக் கோபமே வரவில்லை.

போட்டியன்று எதிர் டீம் ஆரம்பத்திலேயே, "சொறி! சொறி!" என்று கத்தினார்கள். விசில் ஊதினார்கள். கயிறு இரண்டு நிமிஷம் எந்தப் பக்கமும் நகரவில்லை. நான் கயிற்றைப் பார்க்கவில்லை, அவள் கையை மட்டும் பார்த்தேன். நெற்றியிலிருந்து வேர்வை கழுத்துக்கு இறங்கி, காலருக்குள் போனது. இதோ கையை விடுவாள், இதோ சொறிவாள் என்று நின்றேன். இரண்டு கையும் கயிற்றிலேயே இருந்தன. பின்னால் சாய்ந்தாள். ஒரு அடி. இன்னொரு அடி. எதிர் டீம் கொத்தாக முன்னால் விழுந்தது.

எல்லாரும் அவளைத் தூக்க ஓடினார்கள். நானும் எதிர்வீட்டுக்காரியும் வேறொரு வெள்ளைக் கர்ச்சீப்போடு ஓடினோம். நனைந்து போயிருந்த அவள் காலரின் உள்பக்கத்தை அழுத்தித் துடைத்தேன். இரண்டு பேரும் கர்ச்சீப்பை விரித்துப் பார்த்தோம்.

"இன்னா கலரு?" என்றாள் கேன்டீன்காரி, மூச்சு வாங்கிக்கொண்டே.

"கருப்பு," என்றேன். "அழுக்குதான் மே. போய்க் குளி."