கிரகணம் பார்த்துப் பிரிகிறவள்

கம்பெனி கேபில் ஏறியதும் மற்றவர்கள் காதில் பாட்டை மாட்டிக்கொள்வார்கள். தர்ஷினி மடியில் லேப்டாப்பில் எக்ஸெல்லைத் திறந்து, வரப்போகும் கிரகணங்கள் எந்த ராசியில் எந்தப் பாகையில் விழுகின்றன என்று பார்ப்பாள். சூரிய கிரகணத்துக்கு மஞ்சள் கட்டம், சந்திர கிரகணத்துக்குச் சாம்பல். காதலுக்குரிய கிரகமான அவளுடைய சுக்கிரனிலிருந்து மூன்று பாகைக்குள்ளோ, அதற்கு நேரெதிரே மூன்று பாகைக்குள்ளோ ஒன்று விழுந்துவிட்டால் கட்டம் சிவந்துவிடும்.

ஊர் கிருஷ்ணகிரி, வயது இருபத்தொன்பது. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டர், அதாவது அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். கிரகண நேரத்தில் சாப்பிடாதே என்று அம்மா போன் செய்தால், "அதெல்லாம் மூடநம்பிக்கைம்மா" என்று சிரிப்பாள். வெள்ளைக்காரர்கள் சொல்வது வேறு என்பது அவள் கட்சி. "சூரிய கிரகணம் அமாவாசைல வருது, அதனால புதுசா ஆரம்பிக்கும். சந்திர கிரகணம் பௌர்ணமில, அதனால ஒண்ணு முடியும். லாஜிக்கா இருக்குல்ல?" என்பாள்.

போன செப்டம்பர் ஏழாம் தேதி சந்திர கிரகணம் மீனத்தில் பதினைந்தாவது பாகையில் விழுந்தது. அவளுடைய சுக்கிரன் கன்னியில் பதின்மூன்று, ஏறக்குறைய நேரெதிர். இரண்டு வருஷம் பழகிய அதே ஆபீஸ் ஷ்ரேயாஸை அன்று காபிக்குக் கூப்பிட்டுப் பிரிந்தாள். அவன் காரணம் கேட்டதற்கு ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினாள். நவம்பரில் அவனுக்கு வேறு பெண்ணோடு கல்யாணம் நடந்தது. "பாத்தியா, முடிஞ்சுது" என்று பிஜி விடுதி அறைத்தோழி சிந்துவிடம் பெருமையாகவே சொன்னாள்.

இப்போது மாட்டிக்கொண்டவன் க்ளென். பெங்களூரு நீலசந்திராவிலேயே வளர்ந்த பையன், அதே கம்பெனியில் கேப் ஏற்பாடு செய்பவன். வீட்டில் பேசட்டுமா என்று ஜனவரியில் கேட்டான். தர்ஷினிக்கு அவனை மிகவும் பிடிக்கும். பிடித்ததால்தான் அழுகை வந்தது. மார்ச் மூன்றாம் தேதி சந்திர கிரகணம் கன்னியில் பதின்மூன்றாவது பாகைக்குள்ளேயே, சுக்கிரனின் தலைமேல்.

"மூணாந்தேதி சாயங்காலம் அஞ்சு மணி மூணு நிமிஷத்துக்கு நாம முடிஞ்சிடுவோம். அதுக்கப்புறம் கேளு."

"முடிஞ்ச பின்னால இன்னாத்துக்குக் கேக்கறது?" என்றான் க்ளென்.

அவள் ஒழுங்கான பெண். பிரிவுக்குத் தயாரானாள். அவன் ஜாக்கெட்டைத் துவைத்து மடித்தாள். அவனுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று அடுத்து வருகிறவளுக்காக ஒரு பக்கம் எழுதிவைத்தாள்.

அந்த வாரம் சிந்துவும் தன் கிரகணத்தைப் பார்க்கச் சொன்னாள். அவளிடம் ஜாதகம் இல்லாததால், தர்ஷினி கிரகணப் பாகைகளை எடுக்கும் வெள்ளைக்கார ஜோசிய ஆப்பிலேயே பிறந்த நேரத்தைப் போட்டார்கள். பொழுதுபோகாமல் தர்ஷினி தன்னுடையதையும் போட்டாள். சுக்கிரன் துலாத்தில் ஏழாவது பாகை என்றது ஆப். அவளிடம் இருந்ததோ பிறந்தபோது அம்மா வாங்கிய கம்ப்யூட்டர் ஜாதகம். சுக்கிரனின் பாகையை அதிலிருந்துதான் எடுத்திருந்தாள். ஆப் தப்பு என்று முடிவு கட்டி, 'மிக அவசரம்' என்று புகார் அனுப்பினாள்.

மார்ச் மூன்று, மாலை நாலே முக்கால். கேப் நிற்குமிடத்தில் க்ளென் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். ஜாக்கெட்டை நீட்டும்போது பதில் மெயில் வந்தது. தவறு இல்லை, புகார் முடிக்கப்படுகிறது. மேற்கத்திய முறையில் மேஷம் வசந்த காலத்துச் சம இரவுப் புள்ளியிலிருந்து தொடங்கும்; உங்கள் ஜாதகம் நட்சத்திரங்களை வைத்துக் கணித்தது; இரண்டுக்கும் ஏறத்தாழ இருபத்துநாலு பாகை வித்தியாசம்.

தர்ஷினி மெயிலை இரண்டுமுறை படித்தாள். ஜாதகத்து முழத்தால் அளந்த சுக்கிரனை வெள்ளைக்காரன் முழத்தால் அளந்த கிரகணத்தோடு இத்தனை நாள் ஒட்டவைத்திருக்கிறாள்.

"ஷ்ரேயாஸைத் தப்பா பிரிஞ்சிட்டேன்."

"அவனுக்குச் சொல்லாதே, இப்பத்தான் ஹனிமூன் போய்ட்டு வந்தான்" என்றான் க்ளென். "நம்மளுது?"

லேப்டாப்பைத் திறந்து, துலாம் ஏழு என்று மாற்றித் தட்டினாள். இன்றைய கட்டம் வெளுத்தது. போன வருஷம் மார்ச் இருபத்தொன்பது சிவந்தது: மேஷத்தில் ஒன்பது, சூரிய கிரகணம், நேரெதிர். க்ளென் அவளைத் தவறான கேபில் ஏற்றி அத்திபெலே வரை அனுப்பிவிட்டு, தானே பைக்கில் வந்து மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவந்த சனிக்கிழமை அது. இருவருக்கும் அதுதான் முதல் பேச்சு.

"ஆரம்பம்" என்றாள்.

"அப்ப ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டினு கிருஷ்ணகிரிக்கு வரட்டா?"

அவள் கட்டங்களைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். ஒரே ஒரு கட்டம் சிவந்து நின்றது. இரண்டாயிரத்து முப்பத்துநாலு செப்டம்பர் இருபத்தெட்டு, சந்திர கிரகணம், மேஷத்தில் ஐந்து. சுக்கிரனுக்கு நேரெதிரிலிருந்து இரண்டே பாகை.

க்ளென் எட்டிப் பார்த்தான். "எட்டரை வருஷம் இருக்கே. சால்தி, அது போதும்."

தர்ஷினி அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு, சந்திர கிரகணத்துக்கு மட்டும், சிவக்கும் எல்லை மூன்று பாகை என்றிருந்ததை அழித்துவிட்டு ஒன்று என்று தட்டினாள்.