சென்னியப்பன் மாஸ்க்கைக் கழற்றாத கல்யாணம்

கோயமுத்தூரில் சென்னியப்பன் செல்போனைத் தொட்டால் கல்லூரி விடுதிகள் பாதி காலியாகிவிடும். ஒருமுறை வார்டனே பந்தியில் ரசம் ஊற்றினார் என்றும் சொல்வேன். நம்புவது உங்கள் பாடு. சனிக்கிழமை தோறும் சென்னியப்பன் மாணவர்களுக்கு அனுப்பும் செய்தி இதுதான்: ஞாயிறு கல்யாணம், காலை நாலு மணிக்கு மண்டபத்தின் பின்வாசலில் ரிப்போர்ட்டிங், கறுப்பு பேண்ட், கறுப்பு ஷூ, தாடி மழித்திருக்க வேண்டும். சட்டை, தொப்பி, மாஸ்க், கையுறை அங்கே தரப்படும். வேலை பரிமாறுவது, இலை எடுப்பது, தாம்பூலப் பை போடுவது. கூலி அன்றைக்கே.

யார் வீட்டுக் கல்யாணம் என்று சமையல் காண்ட்ராக்டர் சொல்வதில்லை, சென்னியப்பனும் கேட்பதில்லை. அந்த ஞாயிறும் அப்படித்தான் போனார். தாம்பூலப் பைக் கட்டைப் பிரித்தபோது மாப்பிள்ளை பெயர் நிரஞ்சன் என்றிருந்தது. கீழே தாயின் பெயர் மட்டும், சிவகாமி.

சிவகாமி அவர் மனைவி. இவர் குடித்து வீட்டை அழித்த காலத்தில், பையனைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவள். இவர் குடியை விட்டு வருஷங்கள் ஆகியும் அந்தக் கதவு திறக்கவில்லை. மகன் கல்யாணம் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் பின்வாசலில் அவரை நம்பி வந்த பையன்கள் நின்றார்கள். சட்டை மாட்டித் தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டார். தாலி கட்டும் நேரத்தில் முதல் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. கெட்டிமேளம் காதில் விழுந்ததோடு சரி.

மணமக்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, பையன்களை எல்லாம் வேறு வரிசைக்கு விரட்டிவிட்டு அந்த இலைக்குத் தானே போனார். மகனுக்குத் தன் மூக்கு என்று கண்டார். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் பாயசம் இலையோரம் சிந்தியது.

"பரவால்லீங்ணா, போதுங்" என்றான் நிரஞ்சன், நிமிராமல்.

பக்கத்து இலையில் சிவகாமியின் அண்ணன் துரைசாமி நிமிர்ந்தார். கண்ணை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டார். எச்சில் கையோடு அருகே வந்து தணிந்த குரலில் சொன்னார்: "மாப்ள, மாஸ்க்க மட்டும் எறக்கீராதீங்க. இன்னைக்கு ஒரு நாளு."

"எறக்க மாட்டனுங் மச்சான்."

அடுப்படிக்குப் போய்த் தூணில் சாய்ந்தார். சற்று நேரத்தில் துரைசாமி மறுபடி வந்தார்.

"பையன் கேக்கறானுங்க. பாயசம் ஊத்துன அண்ணன் பசியோட நிக்கறாரு போல, சாப்டாரான்னு பாத்துட்டு வாங்க மாமான்னான்."

"யாருன்னு கேட்டானுங்களா?"

"கேட்டான். கேட்டரிங் ஆளுன்னேன்."

சென்னியப்பன் தலையாட்டினார். "சாப்டேன்னு சொல்லீருங்க."

வேலையாட்களுக்கான கடைசிப் பந்தி தொடங்கியது. அதற்கு முன்பே பையன்கள் கையில் கூலியைக் கொடுத்து முடித்திருந்தார். அவருக்கும் ஓர் இலை போட்டார்கள். உட்காரவில்லை. அந்தச் சோற்றுக்கு மாஸ்க்கைக் கழற்ற வேண்டுமே.