ஒற்றை ஷூவுக்கு ஓர் அறிக்கை

என் அண்ணியை நான் புகழ்ந்தால் பெற்ற அம்மாவே நம்ப மாட்டாள். நாத்தனார் வாயிலிருந்து நல்ல வார்த்தையா என்று கேட்பாள். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே கூரியர் கம்பெனியில், ஒரே புகார்ப் பிரிவில் வேலை. நான் போனை எடுத்துத் திட்டு வாங்குபவள். அண்ணி அறிக்கை எழுதுபவர். பார்சல் எங்கே கிழிந்தது, எங்கே காணாமல் போனது, யார் தவறு என்று வாடிக்கையாளருக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பழைய பதிலில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவார்கள். அண்ணிக்கு அது ஆகாது. அலுவலகத்தில் அவருக்குத் 'துருவி' என்று பெயர். வீட்டிலும் அப்படித்தான். பிரிட்ஜில் இருந்த இனிப்பை யார் தின்றது என்று அவர் ஆரம்பித்தால், என் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அன்று ஓர் அம்மா நேரிலேயே வந்து நின்றார். கூடவே அவருடைய மகள். அந்தப் பெண்ணுக்குப் பிறவியிலேயே ஒரு கால் சற்றுக் குட்டை. வெளியூரில் ஷூ தைப்பவர் ஒருவர் அளவெடுத்து, ஒரு ஷூவுக்கு மட்டும் கனமான அடி வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார். வந்து சேர்ந்ததோ மூலை கிழிந்து எங்கள் கம்பெனி டேப் சுற்றிய பெட்டி. உள்ளே சாதாரண ஷூ மட்டும் இருந்தது. கனமானதைக் காணோம்.

"பேக்கிங் சரியில்லைன்னு உங்க மேனேஜர் போன்ல சொன்னாரு. நஷ்டஈடு தர்றேன்னாரு. அது எனக்கு வேணாங்க. இவளுக்குத் துணிக்கடையில வேலை கெடைச்சிருக்கு. திங்கக்கெழமை சேரணும். நாள் பூரா நிக்கிற வேலை. பழைய ஷூ பிஞ்சு போச்சு. புதுசு எங்க போச்சுன்னு எழுதிக் குடுங்க."

மேனேஜர் அண்ணியிடம் குரலைத் தாழ்த்தினார். "பேக்கிங் குறைன்னு எழுதி முடிச்சிடுங்கம்மா."

"பாக்காம எப்படி சார் எழுதறது?" என்றார் அண்ணி.

பெரிய மையங்களில் பார்சல் ஸ்கேன் ஆகும்போதே எடையும் பதிவாகும். பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் மையத்துக்குள் போனபோது இந்தப் பெட்டியின் எடை குறையவில்லை. வெளியே வந்தபோது குறைந்திருந்தது. ஆக, ஷூ அந்தக் கட்டடத்தைத் தாண்டவில்லை. பெட்டியையும் அண்ணி புரட்டிப் பார்த்தார். தைத்தவர் எல்லா ஓரத்திலும் இரட்டை டேப் ஒட்டியிருந்தார். கிழிந்த இடத்தில், மையத்தில் பார்சல்களை நகர்த்தும் பெல்ட்டின் கறுப்பு மசி அப்பியிருந்தது.

மையத்துக்குப் போன் செய்தோம். பார்சலிலிருந்து விழுந்த பொருள்களை வைக்கும் அலமாரியில் ஷூ எதுவும் இல்லை என்றார்கள். அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். வெயிலில் பஸ்ஸுக்கு நின்றபோது நான் முணுமுணுத்ததை இங்கே எழுத முடியாது.

அந்த அலமாரியில் சார்ஜர், பொம்மை, குக்கர் மூடி எல்லாம் இருந்தன. ஷூ இல்லைதான். திரும்பும்போது அண்ணி வாசலில் நின்றுவிட்டார். வேலையாட்கள் சொந்தச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பெனி ஷூ மாட்டிக்கொள்ளும் இடம் அது. ரேக் முழுக்கக் கறுப்பு ஷூக்கள். அண்ணி, அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டார்.

"அக்கா, ஒத்தை ஷூ ஏதாவது கண்ணுல பட்டுச்சா?"

"பெல்ட்டுக்கு அடியில ஒண்ணு கெடந்துச்சும்மா. நம்ம ஆளுங்க யாரோடதோன்னு கீழ்த்தட்டுல வச்சேன். எவனும் எடுக்கலை."

கறுப்பு ஷூ, கனத்த அடி. எங்கள் கம்பெனி ஷூவோடு பார்த்தால் யாருக்குமே வித்தியாசம் தெரியாது. அண்ணி அதைத் துப்பட்டாவால் துடைத்தார். எனக்குக் கால் வலியெல்லாம் பறந்துவிட்டது.

அத்தோடு முடிந்ததா? மேனேஜருக்கு இப்போது ஓர் ஆள் கிடைத்துவிட்டது. "பெருக்கறவங்க கவனக்குறைவுன்னு போட்டுடுங்க."

"அவங்க எடுத்து வச்சதாலதான் சார் கெடைச்சுது. குப்பையில போட்டிருந்தா?"

அண்ணி எழுதியது இதுதான்: பேக்கிங்கில் குறை இல்லை. பெட்டி எங்கள் பெல்ட்டில் சிக்கிக் கிழிந்தது. உள்ளே என்ன குறைகிறது என்று பார்க்காமல் எங்கள் ஆட்கள் டேப் சுற்றி அனுப்பினார்கள். தவறு எங்களுடையது.

"இதுல கையெழுத்துப் போட்டா மேலிடத்துல என்னை வறுத்து எடுத்துடுவாங்க."

"அப்ப நான் மட்டும் போடறேன் சார். வறுக்கட்டும்."

மேனேஜர் அண்ணியை முறைத்தார். பிறகு பேனாவைப் பிடுங்கி அவரும் போட்டார்.

சனிக்கிழமை தாயும் மகளும் வந்தார்கள். அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அறிக்கையின் முதல் வரியிலேயே நின்று திரும்பத் திரும்பப் படித்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இன்னொரு காப்பி கெடைக்குமாங்க? பேக்கிங் சரியில்லைன்னு மேனேஜர் சொன்னதை நம்பி, தைச்சவரை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். பாவம், அந்த மனுஷன் ஒரு வார்த்தை பதில் சொல்லலை. அவருக்கு அனுப்பணும்."

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி கம்ப்யூட்டரில் பிரிண்ட் கொடுத்தார். பிரிண்டர் அறையின் மறுகோடியில் இருக்கிறது. நான் எழுந்தேன்.

"இருங்கக்கா, நான் எடுத்துட்டு வரேன்" என்று அந்தப் பெண் எழுந்து, நிமிர்ந்து, சாய்வில்லாமல் நடந்து போனாள்.